எங்கள் தெரு யாருக்குப் போட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

இரும்பையில் வாக்குச்சாவடி முகவர்களுக்கு நாங்கள் நடத்திய வகுப்பில், மரக்காணம் உப்பளத்திலிருந்து வேலை முடித்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அம்மா ஒருவர் எழுந்து கேட்டார்: “நான் யாருக்குப் போட்டேன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்றீங்க தம்பி. அப்புறம் எப்படி, எண்ணி முடிச்ச மறுநாளே ‘உங்க தெருவு எங்களுக்குப் போடல’ன்னு வந்து நிக்கிறாங்க?”

தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவைச் சுதந்திரமாகவும் நேர்மையாகவும் எப்படிக் காக்கிறது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் பக்கம் பக்கமாகப் பதில் தருகின்றன. அந்த அம்மாவுக்கு நாங்கள் சொன்ன பதில் சுருக்கமானது. நீங்கள் ஒருவராக யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதை எவராலும் அறிய முடியாது; அதை ஆணையம் நன்றாகவே காக்கிறது. உங்கள் தெரு யாருக்கு வாக்களித்தது என்பதை எவரும் அறியலாம். அதை ஆணையமே அச்சிட்டு வெளியிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சேரியின் அச்சம் குடியிருக்கிறது. முதலாவது எப்படிக் காக்கப்படுகிறது, இரண்டாவது ஏன் காக்கப்படவில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இரும்பை வானூர் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. மரக்காணம் திண்டிவனம் தொகுதியில் வருகிறது. இரண்டும் தனித்தொகுதிகள், இவற்றை உள்ளடக்கிய விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதியே. வேட்பாளர்கள் அனைவரும் பட்டியல் சாதியினராக இருக்கும்போது சாதி மிரட்டலுக்கு இடமேது என்று கல்லூரி மாணவர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. எந்தத் தலித் வெல்ல வேண்டும் என்பதுதான் இங்கே போட்டி. யாருடைய சொல்லுக்கு அடங்கியவர் வெல்ல வேண்டும், யாருடைய குரலாகப் பேசக்கூடியவர் தோற்க வேண்டும் என்பது ஊர்த் தெருவில் முடிவு செய்யப்படும்போது, சேரியின் வாக்கு கணக்கில் ஓர் இடைஞ்சலாகிவிடுகிறது. ஆகவே தனித்தொகுதியில் வாக்கின் கமுக்கம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

முதலில் தனி வாக்கு. நீங்கள் சாவடிக்குள் நுழைந்ததும் உங்கள் பெயர் பட்டியலில் சரிபார்க்கப்படுகிறது. பிறகு 17-ஏ என்னும் பதிவேட்டில் உங்கள் வரிசை எண்ணை எழுதிக் கையொப்பமோ கைரேகையோ வாங்குகிறார்கள். விரலில் மை வைக்கப்படுகிறது. கட்டுப்பாட்டுக் கருவியை இயக்கும் அலுவலர் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் மறைப்புக்குள் இருக்கும் வாக்குப்பதிவுக் கருவி ஒரே ஒரு வாக்குக்குத் திறக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளரின் எண், பெயர், சின்னம் கொண்ட சீட்டு 7 நொடிகள் தெரிந்து, அறுந்து பெட்டிக்குள் விழுகிறது. அந்தச் சீட்டில் உங்கள் பெயரோ வரிசை எண்ணோ இல்லை. எண்ணும் நாளில் கட்டுப்பாட்டுக் கருவி காட்டுவதும் வேட்பாளர்வாரியான கூட்டுத்தொகையை மட்டுமே. 17-ஏ பதிவேட்டையும் அந்தக் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், நூறாவதாக வந்தவர் யாருக்குப் போட்டார் என்று சொல்ல முடியாது. யாருக்கு வாக்களித்தாய் என்று எந்த நீதிமன்றமும் உங்களைக் கேட்க முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 94ஆம் பிரிவு. இந்தக் கமுக்கத்தை உடைக்கும் அலுவலருக்கும் முகவருக்கும் 128ஆம் பிரிவு 3 மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

இவ்வளவு இருந்தும் தனி வாக்கின் கமுக்கம் உடைபடும் இடம் ஒன்று உண்டு. அது கருவியில் இல்லை, மறைப்புக்குள் யார் போகிறார்கள் என்பதில் இருக்கிறது. பார்வை இழந்தவரோ உடல் நலிந்தவரோ தாமே பொத்தானை அழுத்த இயலாத நிலையில், 18 வயது நிரம்பிய துணையாள் ஒருவரை அழைத்துச் செல்லலாம் என்கிறது தேர்தல் நடத்தை விதிகளின் 49-என் விதி. அந்தத் துணையாள் அன்று ஒருவருக்கு மட்டுமே துணையாக இருக்கலாம். வாக்கை வெளியிடமாட்டேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும். படிவம் 14-ஏ என்னும் தாளில் இவர்கள் பெயர் பதியப்பட வேண்டும். நடப்பில் என்ன நேர்கிறது? சேரியின் வயதான பெண்களைக் காலையிலேயே வண்டியில் ஏற்றி அழைத்து வரும் ‘உதவிக்காரர்’, ‘பாட்டிக்குக் கண் தெரியாது சார்’ என்று சொல்லி உள்ளே நுழைகிறார். பாட்டிக்குக் கண் நன்றாகவே தெரியும். முகவர் எழுந்து “14-ஏ எழுதுங்கள், அவர் காலையில் வேறொருவருக்கும் துணையாக வந்தாரே, பாருங்கள்” என்று ஒரு வார்த்தை சொன்னால் அது நின்றுவிடும். எங்கள் வகுப்புகளில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக நேரம் ஒதுக்குகிறோம்.

‘மேலே கேமரா இருக்கிறது, நாங்கள் பார்த்துவிடுவோம்’, ‘நீ அழுத்தினால் எங்கள் வீட்டில் விளக்கு எரியும்’ என்ற கதைகளும் ஒவ்வொரு தேர்தலிலும் உலவுகின்றன. கேமராவை வாக்களிக்கும் மறைப்பு தெரியாத கோணத்தில்தான் வைக்க வேண்டும் என்பது ஆணையத்தின் நெறிமுறை. விளக்குக் கதைக்குப் பதில் தேவையில்லை. ஆனாலும் மாதிரி வாக்குப்பதிவைக் கண்ணால் பார்த்த முகவர் ஒருவர் தெருவில் இருந்தால் இக்கதைகள் எடுபடுவதில்லை என்பது எங்கள் அனுபவம். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக, முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளைப் போட்டு, கருவியின் கணக்கையும் சீட்டுகளின் கணக்கையும் ஒப்பிட்டு, பிறகு எல்லாவற்றையும் அழித்துச் சுழியம் காட்டி முத்திரை வைக்க வேண்டும். காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு முகவர் அங்கே இருக்க வேண்டும். பெரிய கட்சிகளின் முகவர்கள்கூட ஆறரைக்குத்தான் வருகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததற்குப் பின்பு சாட்சி கிடையாது.

மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் 17-சி படிவத்தின் முதல் பகுதியை நிரப்பி, சான்றொப்பமிட்ட நகலை ஒவ்வொரு முகவருக்கும் தர வேண்டும். ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு சாவடியின் பட்டியலில் 940 பேர் இருக்கிறார்கள், 17-ஏ பதிவேட்டில் 702 பேர் பதிந்தார்கள், அவர்களுள் ஒருவர் பதிந்த பின் வாக்களிக்க மறுத்துவிட்டார் என்று கொள்வோம். கட்டுப்பாட்டுக் கருவியில் 701 இருக்க வேண்டும். 17-சியில் இந்த எண்களோடு கருவியின் எண்ணும் முத்திரைத் தாள்களின் எண்களும் எழுதப்பட்டிருக்கும். எண்ணும் நாளில் அதே கருவி மேசைக்கு வரும்போது அதே எண், அதே முத்திரை, அதே 701 வருகிறதா என்று பார்ப்பதுதான் சரிபார்ப்பு. நகல் கையில் இல்லாதவர் எண்ணும் மேசைக்கு முன்னால் வெறும் பார்வையாளர்தான். மிக எளிமையான இந்த ஒரு தாள், வாக்கு மாற்றப்படாமல் இருப்பதற்கு ஆயிரம் உரைகளைவிட உறுதியான காப்பு.

ஆக, மறைப்புக்குள் நுழைந்துவிட்டவரின் வாக்கு பெரும்பாலும் காக்கப்பட்டுவிடுகிறது. மறைப்புக்கு வரும் வழியில் நடப்பது வேறு கதை.

அதற்காக ஆணையம் செய்யும் வேலையில் நம் வாசகர்கள் அதிகம் அறியாத ஒன்று, பாதிப்புக்குள்ளாகக்கூடிய குடியிருப்புகளைக் கண்டறியும் பணி. தேர்தலுக்கு முன்னரே ஒவ்வொரு மண்டல அலுவலரும் தம் பொறுப்பிலுள்ள சுமார் பத்துச் சாவடிகளின் பகுதிகளுக்குச் சென்று, எந்தத் தெருவினர் மிரட்டப்படக்கூடும், முன்பு தடுக்கப்பட்டார்களா, மிரட்டக்கூடியவர்கள் யார் யார் என்று பெயரோடு எழுத வேண்டும். அந்தப் பெயர்களை வைத்துத்தான் காவல்துறை முன்னெச்சரிக்கையாகப் பிணைப்பத்திரம் வாங்குகிறது. வாக்குப்பதிவு நாளில் அத்தெருவினர் வருகிறார்களா என்று தலைமை அலுவலர் கவனித்து, வரவில்லையெனில் மண்டல அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தாளில் அருமையான ஏற்பாடு. ஆனால் மண்டல அலுவலர் ஊருக்கு வரும்போது எங்கே வண்டியை நிறுத்துகிறார், யாரிடம் விசாரிக்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டுவிட்டு, ‘இங்கே எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம்’ என்ற பதிலை எழுதிக்கொண்டு போனால் சேரி அந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. ஏறாத தெருவுக்குப் பாதுகாப்பும் இல்லை. எனவே தேர்தல் அறிவிப்பு வந்த வாரத்திலேயே மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு எழுத்துபூர்வமாக மனு தர வேண்டும். தெருவின் பெயர், சாவடி எண், முன்பு நடந்தவற்றின் நாள், வழக்கு இருந்தால் அதன் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் சேரி வீடுகள் எரிந்ததை நினைவில் வைத்திருக்கும் வட்டாரத்தில், எழுத ஒன்றுமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

உப்பளத் தொழிலாளர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. தேர்தல் நடப்பது பெரும்பாலும் ஏப்ரலில். உப்பு விளைவதும் அப்போதுதான். வெயில் ஏறுமுன் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் விடியுமுன்னே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று 135-பி பிரிவு சொல்கிறது. நாள்கூலிக்கும் அது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய். வேலைக்கு வராவிட்டால் தொழிலுக்குப் பெரும் இழப்பு என்று காட்டினால் விலக்கும் உண்டு. ஆகவே இதை வழக்காக்கிப் பயனில்லை. முன்கூட்டியே தொழிலாளர் துறை அலுவலருக்கு எழுதி, அவர் உப்பளங்களுக்கு அறிவிப்பு அனுப்பச் செய்வதே நடைமுறைக்கு உகந்தது.

இனி, வாக்குப்பதிவு நாளிலேயே வன்முறை வெடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2019 ஏப்ரல் 18 அன்று சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குட்பட்ட, அரியலூர் மாவட்டத்துப் பொன்பரப்பியில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டு வீடுகள் சேதப்படுத்தப்பட்டன. அத்தொகுதியில் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் போட்டியிட்டார். சின்னத்தை முன்வைத்தே மோதல் தொடங்கியது. மறுவாக்குப்பதிவு கோரப்பட்டது. ஆனால் அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்த 13 சாவடிகளுள் பொன்பரப்பி இல்லை. அவற்றுள் 8 சாவடிகள் தருமபுரி தொகுதியைச் சேர்ந்தவை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இரண்டு பிரிவுகளைப் படிக்க வேண்டும். 58ஆம் பிரிவு, கருவி பறிக்கப்பட்டாலோ சேதமானாலோ வாக்குப்பதிவைக் கெடுக்கும் அளவு நடைமுறைப் பிழை நேர்ந்தாலோ அச்சாவடியின் வாக்குப்பதிவைச் செல்லாததாக்க வழி செய்கிறது. 58-ஏ பிரிவு சாவடி கைப்பற்றலுக்கானது. ‘சாவடி கைப்பற்றல்’ என்றதும் பலர் நினைப்பது, ஆயுதத்தோடு உள்ளே நுழைந்து பொத்தானை அழுத்துவதை. சட்டத்தின் விளக்கம் அதைவிட அகலமானது. வாக்காளரை நேரடியாகவோ மறைமுகமாகவோ வற்புறுத்தி, மிரட்டி, சாவடிக்குப் போகவிடாமல் தடுப்பதும் 135-ஏ பிரிவின்படி சாவடி கைப்பற்றலே. அதாவது சாவடிக்கு அரை மைல் தள்ளி, ஊர் முனையில், வழியை மறித்து நிற்பதும் சட்டத்தின் கண்ணில் சாவடியைக் கைப்பற்றுவதுதான்.

பிறகு ஏன் வெளியே நடக்கும் வன்முறைக்கு மறுவாக்குப்பதிவு அரிதாகக் கிடைக்கிறது? ஆணையம் தில்லியிலிருந்து பார்ப்பது தாள்களைத்தான். தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிக்கையை வைத்தே அது முடிவெடுக்கிறது. அந்த அறிக்கை, தலைமை அலுவலரின் நாட்குறிப்பையும் 17-ஏ பதிவேட்டையும் பார்வையாளரின் குறிப்பையும் சார்ந்தது. சாவடிக்குள் எல்லாம் அமைதியாக நடந்தது என்று நாட்குறிப்பு சொன்னால், வெளியே எரிந்த வீடு அந்தத் தாளுக்குள் வருவதில்லை. வாக்குப்பதிவுக்கு மறுநாள் பார்வையாளர் முன்னிலையில் இந்தத் தாள்கள் ஆராயப்படுகின்றன; வேட்பாளர்களின் பிரதிநிதிகள் அதில் கலந்துகொள்ளலாம். எனவே வாக்குப்பதிவு நாள் மாலைக்குள், எந்தத் தெருவைச் சேர்ந்த எத்தனை பேர், எந்த மணி முதல் எந்த மணி வரை, எந்த இடத்தில் தடுக்கப்பட்டார்கள் என்று பெயர்ப்பட்டியலோடு தலைமை அலுவலரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். அதே நகல் பார்வையாளருக்கும் போக வேண்டும். 17-ஏ பதிவேட்டில் அந்தத் தெருவின் வரிசை எண்கள் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் அறவே இல்லாமல் போயிருந்தால், அந்த வெற்றிடம் உங்கள் மனுவுக்குச் சான்றாகும். மூன்று நாள் கழித்துத் தரும் கண்டன அறிக்கைக்குச் செய்தித்தாளில் இடம் கிடைக்கும், ஆணையத்தின் கோப்பில் கிடைக்காது. வன்முறையில் அடிபட்டு மருத்துவமனைக்கு ஓடும் மக்களிடம் மாலைக்குள் மனு எழுது என்று கேட்பது கொடுமை என்பதை நாங்கள் அறிவோம். அந்த வேலைக்கென்று இரண்டு பேரைத் தெருவுக்கு வெளியே முன்பே நிறுத்தி வைப்பதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

எண்ணும்போது ஒவ்வொரு சாவடியின் கருவியும் தனித்தனியே மேசைக்கு வருகிறது. ஒவ்வொன்றின் முடிவும் தனியே படிக்கப்பட்டு, படிவம் 20 என்னும் தாளில் சாவடிவாரியாக எழுதப்படுகிறது. சில நாட்களில் அது தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வந்துவிடும். ஊரும் சேரியும் ஒரே சாவடியில் வாக்களித்தால் இரண்டின் வாக்கும் ஓரளவு கலந்துவிடும். சேரிக்கென்று தனிச் சாவடி இருந்தால் அந்தச் சாவடியின் எண்ணே சேரியின் வாக்கு. 701 வாக்குகளில் ஒரு வேட்பாளருக்கு 9 மட்டுமே விழுந்திருந்தால், அவருடைய ஆட்கள் மறுநாள் தெருமுனையில் வந்து நிற்பதற்கு உளவாளி எவரும் தேவையில்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. சேரிக்குள்ளேயே சாவடி வேண்டும் என்று நாமே மனு எழுதுகிறோம். ஊர்த் தெருவைக் கடந்து போக வேண்டியிராத சாவடி வாக்காளரை வழியில் காக்கிறது. ஆனால் எண்ணும் நாளில் அதுவே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. சாவடிக்கு அதிகபட்சம் 1,500 வாக்காளர்கள் என்றிருந்ததை ஆணையம் 2025இல் 1,200 ஆகக் குறைத்தது. வரிசை குறையும், நல்லதே. சாவடி சிறுக்கச் சிறுக்கத் தெருவின் முகம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு வழி இருந்தது. மிரட்டலுக்கும் பழிவாங்கலுக்கும் வாய்ப்பு உண்டென்று ஆணையம் கருதினால், பல சாவடிகளின் சீட்டுகளை எண்ணும் முன் ஒன்றாகக் கலக்க ஆணையிடலாம் என்று தேர்தல் நடத்தை விதிகளின் 59-ஏ விதி சொல்கிறது. கருவி வந்த பின் கலக்கச் சீட்டு இல்லை. விவிபேட் சீட்டு இருந்தாலும், ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகள் மட்டுமே சரிபார்ப்புக்காக எண்ணப்படுகின்றன. இதற்கு மாற்றாகப் பல கட்டுப்பாட்டுக் கருவிகளை ஒரே நேரத்தில் இணைத்து, மொத்தத்தை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ என்னும் கருவியை ஆணையம் முன்வைத்தது. 14 சாவடிகளின் கருவிகளை அதில் இணைக்கலாம். எந்தச் சாவடியில் எத்தனை என்று தெரியாது. 14இன் கூட்டுத்தொகைதான் வரும். 2008 நவம்பரில் ஒன்றியச் சட்ட அமைச்சகத்துக்கு ஆணையம் இதற்காகக் கடிதம் எழுதியது. 2015 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 255ஆம் அறிக்கையில் இதைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. சாவடிவாரி முடிவு தெரிந்தால்தான் எந்தப் பகுதியில் எந்தக் குறை இருக்கிறது என்று கட்சிகளும் வேட்பாளர்களும் அறிந்து வேலை செய்ய முடியும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

அப்படி அறிந்து செய்யும் ‘வேலை’ எப்படி இருக்கும் என்பதை 2019 ஏப்ரலில் ஓர் ஒன்றிய அமைச்சரே மேடையில் விளக்கினார். உத்தரப்பிரதேசத்தின் சுல்தான்பூரில் போட்டியிட்ட மேனகா காந்தி, தமக்கு விழும் வாக்கு விழுக்காட்டை வைத்துக் கிராமங்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து, அந்த வரிசைப்படியே வளர்ச்சிப் பணி நடக்கும் என்று பேசினார். ஆணையம் அவரைக் கண்டித்து எச்சரித்தது. எச்சரிக்கை அவர் பேச்சுக்குத்தான். அந்தத் தரவரிசையைப் போட உதவும் படிவம் 20 அப்படியே வெளியானது.

ஆணையம் தானாகவே டோட்டலைசரைப் பயன்படுத்திவிட முடியாதா? அரசமைப்பின் 324ஆம் உறுப்பு அதற்குப் பரந்த அதிகாரம் தருகிறது அல்லவா? மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. 1977இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் பேசாத இடத்தில் ஆணையம் செயல்படலாம் என்றது. பஞ்சாபின் பெரோஸ்பூரில் வாக்குப்பதிவை ரத்து செய்ததை ஒட்டி எழுந்த வழக்கு அது. ஆனால் சட்டம் பேசும் இடத்தில் அதை மீற முடியாது. 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் ஆணையம் மின்னணுக் கருவியைப் பயன்படுத்தியது. அப்போதைய சட்டம் வாக்குச்சீட்டை மட்டுமே அறிந்திருந்தது. 1984இல் ஏ.சி. ஜோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளின் வாக்குப்பதிவைச் செல்லாததாக்கி, மீண்டும் நடத்தச் சொன்னது. பிறகு சட்டத்தைத் திருத்தித்தான் கருவி வந்தது. எண்ணும் முறையை விதிகள் சாவடிவாரியாக வரையறுத்திருக்கும்போது, அவற்றைத் திருத்தாமல் ஆணையம் கலக்க முடியாது. விதியைத் திருத்தும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. அதாவது, சாவடிவாரி எண்களால் பயனடைகிறவர்களிடம்.

டோட்டலைசருக்கு எதிராக நேர்மையான வாதம் ஒன்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சாவடிவாரி முடிவு இருப்பதால்தான் ஒரு சாவடியில் நடந்த முறைகேட்டை எண்ணில் கண்டுபிடிக்க முடிகிறது. ஒரே சாவடியில் ஒருவருக்கே ஏறத்தாழ எல்லா வாக்கும் விழுந்திருந்தால், அந்த எண்ணே கேள்வி எழுப்பும். கலந்துவிட்டால் அது மறையும். எங்கள் கருத்து, இரண்டையும் பிரிக்கலாம் என்பது. ஒவ்வொரு கருவியிலும் பதிவான மொத்த வாக்கு 17-சியோடு தனித்தனியே ஒப்பிடப்படட்டும். அது எவர் யாருக்குப் போட்டார் என்பதைச் சொல்லாது. வேட்பாளர்வாரி எண் மட்டும் தொகுப்பாக வரட்டும். சாவடிவாரி விவரம் முத்திரையிடப்பட்டு, தேர்தல் வழக்கில் உயர் நீதிமன்றம் கேட்டால் மட்டும் திறக்கப்படட்டும்.

உள்ளாட்சித் தேர்தலில் நிலை இன்னும் கடினம். அதை நடத்துவது 243-கே உறுப்பின்கீழ் அமைந்த மாநிலத் தேர்தல் ஆணையம். ஊராட்சி வார்டில் சில நூறு வாக்குகளே இருக்கும். அங்கே எண்ணுக்குப் பின்னால் ஒளிய இடமே இல்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தலையே நடக்கவிடாமலோ, வென்றவரை உடனே பதவி விலக வைத்தோ ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். ஆணையத்தால் மீண்டும் மீண்டும் தேர்தல் அறிவிக்க முடிந்ததே தவிர, வேட்பாளரின் வீட்டு வாசலில் நிற்க முடியவில்லை. 2006இல்தான், மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் இறங்கிய பின், அங்கே தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள்.

விதி திருந்தும்வரை சேரியின் கையில் இருப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தத்துக்குப் பின் அதன் 3(1)(எல்) பிரிவு, பட்டியல் சாதியினரை வாக்களிக்கக் கூடாது என்றோ குறிப்பிட்ட வேட்பாளருக்கே போட வேண்டும் என்றோ வற்புறுத்துவதைக் குற்றமாக்குகிறது. நமக்கு இங்கே அதைவிட முக்கியமானவை அடுத்து வரும் இரண்டு: தேர்தலுக்குப் பின் தாக்குவது, சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பது அல்லது விதிப்பதாக மிரட்டுவது, உரிய பொதுச் சேவையைத் தடுப்பது 3(1)(என்), ஒரு வேட்பாளருக்கு வாக்களித்ததற்காக அல்லது வாக்களிக்காததற்காக இச்சட்டத்தின்கீழ் ஏதேனும் குற்றம் இழைப்பது 3(1)(ஓ). முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது 18-ஏ. பதிய மறுக்கும் பட்டியல் சாதியல்லாத அலுவலர்மீது 4ஆம் பிரிவு பாயும்.

இவ்வழக்குகள் பெரும்பாலும் சறுக்கும் இடம், செயலுக்கும் தேர்தலுக்கும் இடையிலுள்ள தொடர்பை நிறுவுவதில்தான். உப்பளத்தில் வேலை தரவில்லை, கடையில் பொருள் தரவில்லை, நிலத்தின் வழியே போகவிடவில்லை என்றால், ‘வேலை இல்லை, அதனால் தரவில்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். அந்த இடத்தில் படிவம் 20இன் அந்தச் சாவடிப் பக்கம் நமக்கு உதவும். முடிவு அறிவித்த நாள், சாவடியின் எண், அதில் அந்த வேட்பாளர் வாங்கிய வாக்கு. முடிவுக்கு முந்தைய வாரம் எத்தனை பேருக்கு வேலை இருந்தது, பிந்தைய வாரம் எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள், நிறுத்தப்பட்டவர்கள் அனைவரும் அந்தச் சாவடிப் பட்டியலில் இருக்கிறார்களா என்று ஒரே தாளில் எழுதிப் புகாரோடு இணைக்கச் சொல்கிறோம். இரும்பை வகுப்பில் அந்த அம்மா கேட்டதும் அதைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். அவர் தம் சாவடி எண்ணைச் சொன்னார். தெருவில் உப்பளத்துக்குப் போகிறவர்களின் பெயர்களை, பக்கத்தில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவி ஒருவர் எழுதத் தொடங்கினார்.